மாதம் எவ்வளவு வரும்?

பதுளை மாவட்டத்து வங்கிக் கிளைகளில், கடன் மேசைக்குப் பின்னால்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போனது. சொந்த ஊர் மடுல்சீமை. பசறையில் இறங்கி பஸ் மாறி மேலே ஏறினால், வளைவுக்கு வளைவு தேயிலை. நடுவே ஒரு சின்ன பஜார். அதைச் சுற்றி லயங்கள். அந்த லயங்களில் பிறந்தவர்கள் நீண்ட காலக் கடன் கேட்டு வங்கிக்கு வருவது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அபூர்வம். காரணம் எளிது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992க்குப் பிறகு அதை நடத்துவது கம்பெனிகள். நாலு தலைமுறை இருந்த வீடானாலும் கையில் உறுதி கிடையாது. உறுதி இல்லாத வீட்டை ஈடு வைக்க முடியாது.

ஆகவே எங்கள் பக்கத்தில் பத்து, பதினைந்து வருடக் கடன் எடுப்பவர்கள் இரண்டே வகை. ஒரு வகை, தோட்டத்துப் பிள்ளைகளாகப் படித்து ஆசிரியர்களாகவும் அரசாங்க ஊழியர்களாகவும் ஆனவர்கள். பசறைப் பக்கமோ பதுளைப் பக்கமோ உறுதிக் காணி வாங்கி வீடு கட்ட நினைப்பவர்கள். மற்ற வகை, பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். மீதிப் பேருக்கு நகை அடகு, லீசிங், குழுக் கடன்.

வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "மாசம் எவ்வளவு வரும், சார்?" கடன் நிலையான வட்டியில் என்றால் நான் சொல்லும் தொகை அந்த நிலையான காலத்தின் கடைசி மாதம் வரை நிற்கும். மிதக்கும் வட்டியில் என்றால் அடுத்த மறுபரிசீலனைத் தேதி வரைக்கும்தான் அதற்கு ஆயுள். இந்த வித்தியாசத்தை நான் வாயால் சொன்னபோது தலையாட்டியவர்கள் நிறையப் பேர். 2022இல் கடிதம் கையில் கிடைத்தபோதுதான் அது அவர்களுக்கு உறைத்தது.

மிதக்கும் வட்டி எப்படிக் கட்டப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அதன் அடிப்படை, மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் ஒரு சராசரி. வர்த்தக வங்கிகள் தங்கள் மிக நம்பிக்கையான வாடிக்கையாளர்களுக்கு, அதாவது பெரிய கம்பெனிகளுக்கு, குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் கடன்களின் வட்டியைக் கூட்டிச் சராசரி பார்த்தது அது. சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம் என்று முழுப்பெயர். நாங்கள் மேசையில் 'முதன்மை வீதம்' என்போம். அதோடு வங்கி தன் பங்காக இரண்டோ மூன்றோ நாலோ சதவீதம் கூட்டும். உங்கள் கடிதத்தில் 'முதன்மை வீதம் கூட்டல் 3' என்று இருந்தால், அந்த மூன்று கடன் முடியும் வரை மாறாது. மாறுவது முன்னால் இருப்பது.

அந்த வரிக்கு அடுத்தாற்போல் இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வட்டியைத் திருத்துவார்கள் என்பது ஒன்று. மாதாமாதம் திருத்தும் கடன் உண்டு, காலாண்டுக்கொரு முறை உண்டு, ஆண்டுக்கொரு முறையும் உண்டு. மற்றது கீழெல்லை. 'முதன்மை வீதம் கூட்டல் 3 அல்லது 9, எது கூடுதலோ அது' என்று இருக்கும். வட்டி எவ்வளவு இறங்கினாலும் ஒன்பதுக்குக் கீழே வராது என்று அர்த்தம். மேலெல்லை போட்ட கடிதங்களும் உண்டு. என் கையில் வந்தவற்றில் அவை மிகக் குறைவு. கீழே தரை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூட மேலே கூரை இருக்கிறதா என்று கேட்பதில்லை.

நிலையான வட்டி என்றால் முழுக் காலத்துக்கும் நிலை என்று நினைப்பார்கள். வீட்டுக் கடனில் அப்படிக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் முதல் ஐந்து வருடத்துக்கு நிலை, அதன் பிறகு மிதப்பு. இதற்கும் காரணம் உண்டு. வங்கி கடன் கொடுக்கும் பணம் ஊரார் வைத்த வைப்புப் பணம். அதில் பெரும் பங்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று வைத்தது. வருடம் முடிந்தால் அன்றைய வட்டியைக் கொடுத்தால்தான் அந்தப் பணம் வங்கியில் தங்கும். தான் கொடுக்கும் வட்டி வருடாவருடம் மாறும்போது, தான் வாங்கும் வட்டியைப் பதினைந்து வருடத்துக்குக் கட்டிப்போட எந்த வங்கிக்கும் துணிச்சல் வராது. ஐந்து வருடத்துக்குக் கட்டுவதற்கே ஒரு விலை வைக்கும். அந்த விலைதான் நிலையான வட்டிக்கும் மிதக்கும் வட்டிக்கும் முதல் நாளில் இருக்கும் வித்தியாசம்.

2021இன் நடுவில் அந்த விலை எவ்வளவு என்பதை ஒரு கடனில் பார்க்கலாம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் வீடு கட்ட 30 இலட்சம் கேட்டு வந்தார். பதினைந்து வருடம். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. இருவர் கையிலும் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய் வரும். அப்போது முதன்மை வீதம் ஆறுக்குச் சற்றுக் கீழே இருந்தது. மூன்றைக் கூட்டினாலும் ஒன்பதை எட்டவில்லை. ஆகவே கீழெல்லையான 9 சதவீதமே அவருடைய வட்டி. மாதத் தவணை 30,428 ரூபாய். ஐந்து வருட நிலையான வட்டி 10.5 சதவீதம். அதில் போனால் தவணை 33,162. இரண்டுக்கும் இடையில் 2,734 ரூபாய்.

"அதுல ரெண்டாயிரத்து எழுநூறு கூடப் போகுதே சார். இதுவே எங்களுக்கு இழுத்துப் பிடிச்சாத்தான் சரியா வரும்" என்றார். நியாயமான பேச்சு. மிதக்கும் வட்டியையே எடுத்தார், வருடத்துக்கொரு முறை திருத்தும் நிபந்தனையோடு. அதே பாடசாலையில் இன்னொரு ஆசிரியை, அதே தொகைக்கு நிலையான வட்டியை எடுத்தார். இரண்டாமவருக்கு வட்டி ஏறும் என்ற முன்னறிவு ஒன்றும் கிடையாது. மாதாமாதம் ஒரே தொகை வெட்டுப்பட்டால்தான் தனக்குக் கணக்கு நிற்கும் என்றார், அவ்வளவுதான்.

தவணை என்பது ஒரே தொகையாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு பணம் இருக்கிறது. முதல் மாதம் 30 இலட்சத்துக்கு 9 சதவீத வட்டி 22,500 ரூபாய். தவணையில் அது போக மிச்சமான 7,928 ரூபாய்தான் கடனைக் குறைக்கிறது. மாதம் போகப் போக வட்டிப் பங்கு சிறுத்து முதற்பங்கு வளரும். ஆனால் பதினைந்து வருடக் கடனில் முதல் வருடங்கள் பெரும்பாலும் வட்டிக்கே போகும். ஆசிரியை முதல் வருடம் முழுக்க ஒரு மாதமும் தவறாமல் 3,65,000 ரூபாய்க்கு மேல் கட்டினார். கடனில் குறைந்தது 99,000 சொச்சம். 2022 நடுவில் பாக்கி 29 இலட்சத்துச் சொச்சம்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வட்டி ஏறும்போது அது ஏறுவது நீங்கள் எடுத்த தொகையின் மேல் அல்ல, இன்று நிற்கும் பாக்கியின் மேல். பதினைந்தில் பன்னிரண்டு வருடம் கட்டி முடித்தவருக்கு வட்டி இரு மடங்கானாலும் அடி லேசாகத்தான் விழும். அப்போதுதான் கடன் எடுத்தவருக்கு முழு அடியும் விழும். வட்டி மிகத் தாழ்ந்த காலத்தில்தான் மிக அதிகம் பேர் புதிதாகக் கடன் எடுக்கிறார்கள். அதனால் ஏற்றம் வந்தபோது பாக்கி முழுசாக நிற்பவர்களே வரிசையில் முன்னால் நின்றார்கள்.

ஏற்றம் எப்படி வந்தது என்பது நாட்டுக்கே தெரியும். டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, காஸ் இல்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க பதவியேற்ற மறுநாள், மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனின் வீதம் ஏழரையிலிருந்து பதினாலரைக்குப் போனது. ஜூலையில் இன்னும் ஒரு புள்ளி. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அரசாங்கமே திறைசேரி உண்டியலுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கியது. முதன்மை வீதம் 2022 நடுவில் 22 அளவில் நின்றது. ஆண்டு முடிவில் 27ஐத் தாண்டியது.

ஆசிரியையின் திருத்தத் தேதி நடு வருடத்தில். 22 கூட்டல் 3, ஆக 25 சதவீதம். அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"சார், இதுல டைப் பண்ணினது பிழையா? அறுபத்திரண்டாயிரம்னு போட்டிருக்கு."

பிழையில்லை. 29 இலட்சத்துச் சொச்சத்துக்கு 25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் 60,434 ரூபாய். மிச்சமிருக்கும் பதினாலு வருடத்தில் கடனை முடிக்க வேண்டுமானால் தவணை 62,387. பழைய தவணையின் இரு மடங்குக்கும் மேல். கையில் வரும் 90,000இல் 62,387 போனால், அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் இரட்டித்த அந்த வருடத்தில் மிச்சத்தில் குடும்பம் நடத்த முடியாது.

இப்படி வருபவர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "வருசத்தக் கூட்டி, தவணையக் கொறச்சுத் தர முடியாதா?" சாதாரணக் காலத்தில் இது நல்ல யோசனை. 9 சதவீதத்தில் 30 இலட்சத்தைப் பதினைந்து வருடத்துக்குப் பதில் இருபது வருடமாக்கினால் தவணை 30,428இலிருந்து 27,000க்கு இறங்கும். மொத்த வட்டி கூடினாலும் மாதம் மூவாயிரத்து நானூறு மிச்சம்.

25 சதவீதத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மேலே சொன்ன 62,387இல் வட்டி 60,434. கடனைக் குறைப்பது 1,953 ரூபாய் மட்டும். காலத்தை நீட்டுவது என்றால் இந்த 1,953ஐக் குறைப்பதுதான். வட்டிப் பங்கைக் காலம் தொடாது. இருபது வருடமாக்கினாலும் முப்பது வருடமாக்கினாலும், அவருடைய பேரப்பிள்ளைகள் கட்டினாலும், தவணை 60,434க்குக் கீழே போகாது. வட்டி குறைவான காலத்தில் தவணையை ஆட்டிவைப்பது காலம். வட்டி ஏறிவிட்டால் வட்டி மட்டும்தான். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வேற என்னதான் வழி?" என்று பிறகு கேட்டார்.

அந்த வருடம் எங்கள் மேசைகளில் நடந்ததெல்லாம் இந்த 'வேற வழி'தான். அவருடைய கணக்கில் செய்தது இது. மாதம் 35,000 கட்டுவது. அதற்கு மேலான வட்டியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, வட்டி இறங்கிய பிறகு முதலோடு சேர்ப்பது. போட்டுவைக்கும் வட்டிக்கு மேல் வட்டி போடுவதில்லை. இந்தக் கடைசி நிபந்தனையை எழுத்தில் வாங்க வேண்டும் என்று நான் அவரிடம் வற்புறுத்தினேன். அது கடிதத்தில் இல்லாவிட்டால், வட்டி குட்டி போட்டு, குட்டியும் குட்டி போடும்.

35,000 என்பது பழைய தவணையைவிட 4,572 ரூபாய் கூடுதல். அவர் பார்வையில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார். கடன் கணக்கிலோ ஒவ்வொரு மாதமும் 25,434 ரூபாய் குறை விழுந்தது. ஒரு வருடத்தில் 3,05,208 ரூபாய். முதலில் ஒரு சதமும் குறையவில்லை. முதல் வருடம் பாடுபட்டுக் குறைத்த 99,000ஐப் போல மூன்று மடங்கு இந்த வருடம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்த நிலைமையை ரசீதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரசீது கட்டிய தொகையைத்தான் சொல்லும். கடன் கூற்றில் அடுத்தடுத்த இரண்டு மாதத்துப் பாக்கியை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பாக்கி குறையாமல் நின்றால் நீங்கள் கடன் கட்டவில்லை, வாடகை கட்டுகிறீர்கள். கூடினால் வாடகைக்கும் காணவில்லை.

இன்னொரு வகைச் சிக்கலையும் அந்த நாட்களில் அடிக்கடி பார்த்தேன். சம்பளக் கணக்கிலிருந்து தவணையை வெட்ட நிலையான கட்டளை கொடுத்திருப்பார்கள், பழைய தொகைக்கு. வட்டி திருத்தக் கடிதம் தோட்டத்துத் தபாலில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். கணக்கு மாதாமாதம் பழைய தொகையையே வெட்டும், வித்தியாசம் நிலுவையாக ஏறும். மூன்று மாதம் கழித்து நிலுவை அறிவித்தல் வரும்போது, "நான் ஒரு மாசமும் விடலையே" என்று சண்டைக்கு வருவார்கள். விடவில்லைதான். ஆனால் நிலுவை என்ற பதிவு கடன் தகவல் பணியகத்துக்குப் போயிருக்கும். அடுத்த கடனுக்கு எந்த வங்கிக்குப் போனாலும் 'கிரிப்'பில் அது நிற்கும். திருத்தத் தேதி வந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் கிளைக்கு ஒரு போன் போட்டுப் புதிய தொகையைக் கேட்பதுதான் இதற்கு மருந்து.

2023 நடுவில் காற்று திரும்பத் தொடங்கியது. ஜூன் மாதம் மத்திய வங்கி கொள்கை வட்டியை இரண்டரைப் புள்ளி குறைத்தது. ஜூலையில் இன்னும் இரண்டு. பத்திரிகையில் 'வட்டி வீழ்ச்சி' என்று வந்தது. ஆசிரியையின் வருடத் திருத்தம் சரியாக அந்த இடத்தில் வந்தது. முதன்மை வீதம் அப்போதும் 20 அளவில் நின்றதால் அவருக்கு விழுந்தது 23 சதவீதம், அடுத்த ஒரு வருடத்துக்கு. வருடத் திருத்தத்தின் இரண்டு முகமும் இதுதான். ஏற்றத்தில் சில மாதம் நிழல் கொடுக்கும். இறக்கத்தில் அதே நிழல் நம்மைப் பிடித்துவைக்கும். உடனே விண்ணப்பம் எழுதச் சொன்னேன், திருத்தக் காலத்தைக் காலாண்டாக மாற்றித் தரும்படி. மாற்றித் தந்தார்கள். 2023 இறுதியில் முதன்மை வீதம் 12 அளவுக்கு இறங்க, அவருடைய வட்டி 15 சதவீதமானது.

அப்போது குறை வட்டியெல்லாம் முதலோடு சேர்ந்து கணக்கு 33 இலட்சத்தில் நின்றது. எடுத்தது 30. இரண்டரை வருடம் விடாமல் கட்டிய பிறகு 33. மிச்சமிருந்த பன்னிரண்டரை வருடத்துக்குத் தவணை 48,825 ரூபாய். 2024 இறுதியில் முதன்மை வீதம் 9 அளவுக்கு வந்தபோது வட்டி 12. பாக்கி 32 இலட்சம் அளவில், தவணை 42,856.

"வட்டி ஒம்பதுல இருந்து பன்னெண்டுக்குத்தானே சார் வந்திருக்கு. தவணை மட்டும் ஏன் பன்னெண்டாயிரம் கூட?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வட்டி திரும்பி வந்துவிட்டது, பாக்கி திரும்பி வரவில்லை. நடுவில் ஏறிய நாலு இலட்சம் கணக்கில் நிற்கிறது. கட்டி முடிக்க மிச்சமுள்ள காலமும் மூன்றரை வருடம் சுருங்கிவிட்டது. அதிக பாக்கியைக் குறைந்த காலத்தில் கட்ட வேண்டியிருக்கிறது. வட்டி நாளைக்கே பழைய 9க்கு வந்தாலும் பழைய 30,428 வராது.

அவருடைய சக ஆசிரியை இந்தக் காலம் முழுக்க மாதம் 33,162 ரூபாய்தான் கட்டினார். 2022 டிசம்பரிலும் அதே தொகை. அவருடைய பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்து வருடம் முடிந்து 2026இல் அவரும் மிதப்புக்குள் வருவார். ஆனால் அதற்குள் முதலில் கணிசமான பங்கைக் கழித்துவிட்டு வருவார்.

இதை மட்டும் எழுதினால் நிலையான வட்டிதான் எப்போதும் நல்லது என்று தோன்றும். பஜாரில் கடை வைத்திருந்த ஒரு முதலாளியின் கணக்கையும் சொன்னால்தான் நியாயம். 2023 தொடக்கத்தில் கடையின் பின்பக்கத்தைக் கட்ட 10 இலட்சம் கடன் எடுத்தார். பத்து வருடம். முந்தின வருடம் ஊரே பட்ட பாட்டைப் பார்த்திருந்தார். "எனக்கு இந்த ஏறி எறங்குற வெளையாட்டு வேணாம் தம்பி. ஒரே தொகையாப் போட்டுக் குடு" என்றார். நிலையான வட்டி 24 சதவீதம். தவணை 22,048 ரூபாய்.

ஒரு வருடம் கட்டினார். மொத்தம் 2,64,577 ரூபாய். கடனில் குறைந்தது 27,468 மட்டும். இதற்குள் புதுக் கடன்களின் வட்டி 13க்கு வந்துவிட்டது. உச்சியில் கடனை நிலைப்படுத்தியவர் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தார். பயத்தின் பேரில் நிலையான வட்டியைத் தேடுவது பெரும்பாலும் இப்படித்தான் முடியும். பயம் வருவது ஏற்றம் வந்த பிறகு. அதற்குள் நிலையான வட்டியின் விலையும் ஏறியிருக்கும்.

அவருக்கு வழி இருந்தது. நிலையான கடனை இடையில் முடிப்பதற்கு அவருடைய கடிதத்தில் 3 சதவீதக் கட்டணம். பாக்கி 9,72,532க்கு அது 29,176 ரூபாய். "முப்பதாயிரத்தச் சும்மா தூக்கிக் குடுக்கணுமா?" என்று அவர் பிடிவாதமாக நின்றார். கணக்கைப் போட்டேன். அதே பாக்கியை 13 சதவீதத்துக்கு, மிச்சமுள்ள ஒன்பது வருடத்துக்கே மாற்றினால் தவணை 15,321. மாதம் 6,727 மிச்சம். முப்பதாயிரம் ஐந்து மாதத்துக்குள் திரும்பிவிடும். மிச்சம் நூற்று மூன்று மாதமும் இலாபம். கடையை ஈடு வைத்த கடன் என்பதால் சட்டத்தரணி கூலி, ஈட்டுப் பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தன. அவற்றைக் கூட்டினாலும் வருடத்துக்குள் தீர்ந்தது. மாற்றினார்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிவது இது. நிலையான வட்டியும் மிதக்கும் வட்டியும் நல்லது கெட்டது என்று பிறப்பதில்லை. வட்டி எந்த உயரத்தில் நிற்கும்போது எடுக்கிறீர்கள், ஏறினால் தாங்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கும். தாழ்ந்த காலத்தில் மிதக்கும் வட்டிக்கு இறங்க இடமில்லை. ஆசிரியையின் கடிதத்தில் கீழெல்லை அதையும் அடைத்துவிட்டது. அவர் கையில் இருந்தது மேலே மட்டும் போகக்கூடிய வட்டி. உயர்ந்த காலத்தில் அது நேர்மாறு. அப்போது மிதக்கும் வட்டியை எடுத்து, திருத்தக் காலத்தைக் குறுக்கி வைத்துக்கொள்வதே கெட்டித்தனம்.

கடன் கேட்டு வருபவர்களுக்குக் கடைசிக் காலத்தில் நான் ஒரு சின்னக் கணக்கு கொடுத்து அனுப்புவேன். கல்குலேட்டர் இருந்தால் போதும், வங்கியின் அட்டவணை தேவையில்லை. கடன் தொகையை எடுத்து, இன்றைய வட்டியோடு பத்தைக் கூட்டிப் பெருக்கி, 1200ஆல் வகுங்கள். 30 இலட்சத்துக்கு இன்றைய வட்டி 11 என்றால், 21ஆல் பெருக்கி 1200ஆல் வகுத்தால் 52,500. அது தவணை அல்ல. அந்த உயரத்தில் கடன் குறையாமல் நிற்பதற்கே நீங்கள் கட்ட வேண்டிய வட்டி. வீட்டுக்கு வரும் பணத்தில் அந்தத் தொகை போனால் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் மிதக்கும் வட்டி எடுக்கலாம், குறைந்த தவணையின் இலாபம் உங்களுக்கு. முடியாது என்றால் நிலையான வட்டிக்குக் கூடுதல் கொடுங்கள், அல்லது கடனைக் குறையுங்கள். பத்துப் புள்ளி அதிகம் என்று தோன்றலாம். 2021இலிருந்து 2022 முடிவதற்குள் இங்கே ஏறியது இருபதுக்கும் மேல்.

ஆசிரியை 2025இல் இன்னொரு முறை வந்தார். மே மாதம் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 7.75க்கு இறக்கியிருந்தது. பாக்கி 31 இலட்சத்து 50,000, மிச்சக் காலம் பதினோரு வருடம். மிதக்கும் வட்டியிலேயே தொடர்ந்தால் 11 சதவீதம், தவணை 41,241. ஐந்து வருடத்துக்கு நிலைப்படுத்தினால் 12.5 சதவீதம், தவணை 44,022. வித்தியாசம் 2,781 ரூபாய், நாலு வருடத்துக்கு முன் அவர் வேண்டாம் என்று சொன்ன தொகையோடு ஏறக்குறைய சமம். இந்த முறை அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. 52,500 கணக்கைத் தன் பாக்கிக்கு வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அது வந்தா எங்களால ஆறு மாசங்கூட தாங்க முடியாது சார்" என்று சொல்லி, நிலையான வட்டி விண்ணப்பத்தை நிரப்பினார். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேட்டார். ஐந்து வருடம் முடிந்ததும் முதன்மை வீதத்தோடு எவ்வளவு கூட்டுவீர்கள்? இடையில் வட்டி இறங்கினால் வெளியே போக என்ன கட்டணம்? இரண்டுக்கும் பதிலைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் பேனாவை எடுத்தார்.